உரக்கடைக்குப் பின்தேதி செக்கோடு கொடுத்த கடிதம்

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கேரட் தோட்டம். உரமும் மருந்தும் ஒரே கடையில் கடனுக்கு வாங்கி, மேட்டுப்பாளையம் மண்டியில் காசு வந்ததும் அடைப்பது வழக்கம். 2023-ல் இரண்டு செக்கை வெறுமனே கொடுத்துவிட்டு வந்தேன். பணம் கணக்கிலிருந்து போனது, ஆனால் அந்த வருஷத்துப் பில்கள் அப்படியே நின்றன, ஏனென்றால் கடைக்காரர் அதை 2021-லிருந்து தகராறில் இருந்த பழைய பாக்கியில் வரவு வைத்துவிட்டார்.

கோர்ட் பக்கம் தெரிந்த வக்கீல் குமாஸ்தாவிடம் போனேன். "எந்தக் கடனுக்கு என்று நீ சொல்லியிருந்தால் அவர் அதற்குத்தான் வைக்கணும் தம்பி. நீ சொல்லாவிட்டால் அவர் இஷ்டம்" என்றார். 1872 ஒப்பந்தச் சட்டத்தில் 59, 60-ஆம் பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன.

அதனால் 2024-ல் செக்கோடு கடிதமும் போனது. முதலில் தகராறில்லாத மூன்று பில்களின் மொத்த பாக்கி அறுபதாயிரத்தை நாலு சம செக்காகப் போட நினைத்தேன். அப்படிச் செய்தால் ஒரு செக் இரண்டு பில்லில் பாதி பாதியாக விழும், பிறகு யாருக்கும் கணக்குப் புரியாது. அதனால் பில்லுக்கு ஏற்றபடி செக் எழுதினேன்:

செக் 000211, 10.06.2024, ரூ.18,600 – பில் 412 முழுவதும்
செக் 000212, 10.07.2024, ரூ.12,200 – பில் 455, முதல் பாதி
செக் 000213, 12.08.2024, ரூ.12,200 – பில் 455, மீதி
செக் 000214, 10.09.2024, ரூ.17,000 – பில் 503 முழுவதும்

ஆகஸ்ட் 10 இரண்டாவது சனி, பேங்க் லீவு, அதனால்தான் 12. செக் தேதியிலிருந்து மூன்று மாதம் வரை செல்லும், அதற்குள் எப்போது வேண்டுமானாலும் பேங்கில் போடுவார்கள் என்பதால் மண்டிக் காசைக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். முன்கூட்டியே ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செக்கைத் திருப்பித் தர வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

கடைசியில் மரியாதைக்காக "பழைய பாக்கியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தேன். குமாஸ்தா அதை அடித்துவிட்டார். கடனுக்காகக் கேஸ் போட இருக்கும் மூன்று வருஷக் கெடு முடிவதற்குள் கடன் உண்டு என்று கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து கெடு புதிதாக ஓட ஆரம்பிக்குமாம். தகராறில் இருக்கும் கணக்குக்கு நானே உயிர் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்! அதற்குப் பதில் "இவை மேற்கண்ட மூன்று பில்களுக்கு மட்டும்" என்று எழுதச் சொன்னார்.

இரண்டு பிரதி எடுத்துப் போனேன். கடைக்காரர் "நம்மளுக்குள்ள இதெல்லாம் எதுக்கு?" என்று கொஞ்சம் முகம் சுளித்தார். "கணக்கு உங்களுக்கும் சுலபம்ணா" என்று சொல்லி, என் பிரதியில் "செக் 4 பெற்றேன்" என்று எழுதி கையெழுத்து, தேதி, கடை சீல் எல்லாம் வாங்கிய பிறகுதான் செக்குகளைக் கையில் கொடுத்தேன்.

மூன்று செக் பாஸ் ஆனது. ஆகஸ்ட் கடைசியில் கேரட்டுக்கு நல்ல விலை கிடைக்கவே பில் 503-ஐ ரொக்கமாகவே அடைத்தேன். ரசீதும் 000214-ம் கைக்கு வந்தன, என் பிரதியில் அந்த வரிக்கு நேரே "செக் திருப்பிக் கொடுத்தாயிற்று" என்று அவரே எழுதிக் கொடுத்தார்.