பிரான்ஸை விட்டுக் கிளம்பும்போது வங்கிக்கு எழுதும் கடிதம்

பிரான்சில் வங்கிக் கணக்கை மூடக் கட்டணம் கிடையாது. காரணம் சொல்லவும் வேண்டாம். நம்மவர்கள் பிரெஞ்சில் எழுதும்போதுகூட ஊர் விண்ணப்ப நடை வந்து ஒட்டிக்கொள்ளும்: தாய்நாடு திரும்புகிறேன், குடும்பச் சூழல், தாழ்மையுடன் வேண்டுகிறேன் என்று ஒரு பக்கம் ஓடும். அத்தனையும் வீண். இது மனு இல்லை, அறிவிப்பு. இடப்பக்க மேல்முனையில் உங்கள் பெயரும் முகவரியும், வலப்பக்கம் வங்கிக் கிளையின் முகவரி, அதன்கீழ் ஊரும் தேதியும். பிறகு "ஒப்ஜே: குளோத்தூர் த கோந்த்", அதாவது "பொருள்: கணக்கு மூடல்" என்ற பொருள் வரி. கணக்கு எண், மூட வேண்டிய தேதி, மீதிப் பணம் போக வேண்டிய கணக்கு ஆகிய மூன்றும் கடிதத்தில் இருந்தால் போதும். வழக்கமான மரியாதை வாக்கியத்தோடு முடித்துக் கையெழுத்திடுங்கள். கூட்டுக் கணக்கானால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

சிக்கல் தேதியில்தான். ஜூன் 30 அன்று லியோனில் வீட்டைக் காலி செய்து விமானம் ஏறுபவரை எடுத்துக்கொள்வோம். வீட்டு முன்பணத்தைத் திருப்பித் தர வீட்டுக்காரருக்குச் சட்டப்படி ஒரு மாதம் அவகாசம் உண்டு. வீட்டில் சேதம் எதுவும் குறிக்கப்பட்டிருந்தால் இரண்டு மாதம். அது ஆகஸ்ட் கடைசி வரை போகும். மின்சாரத்தின் கடைசிப் பில், இணையக் கட்டணம், வரித் துறை திருப்பித் தரும் பணம் எல்லாம் அதே கணக்கில்தான் வந்து போகும். ஜூனிலேயே மூடினால் முன்பணம் வந்த வழியே திரும்பிவிடும். வங்கி கேட்கும் முன்னறிவிப்பு அதிகபட்சம் 30 நாள் என்பதால், ஜூன் நடுவிலேயே அனுப்பி "செப்டம்பர் 30 அன்று மூடவும்" என்று பொருள் வரியிலேயே எழுதுவது நல்லது. உள்ளே மட்டும் எழுதினால் அவசரத்தில் படிப்பவர் தவறவிட்டு உடனே மூடிவிடலாம்.

கடிதத்தை அக்யூஸே த ரெசெப்ஸியோன் என்னும் ஒப்புகைச் சீட்டு உள்ள பதிவுத் தபாலில், பிரான்சில் இருக்கும்போதே அனுப்புங்கள். வங்கியின் பதில் வரவேண்டிய புதிய முகவரியையும் எழுதிவிடுங்கள். பழைய வீட்டுக்குப் போனால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

மீதிப் பணத்தை வங்கியே இந்தியாவுக்கு அனுப்பட்டும் என்று விடாதீர்கள். இந்தியக் கணக்குக்கு ஐபான் எண் இல்லை; ஸ்விஃப்ட் குறியீடும் கணக்கு எண்ணும் தனியே தர வேண்டும், அனுப்பும் கட்டணமும் பிடிப்பார்கள். பெரும்பகுதியை முன்பே நீங்களே அனுப்பிவிட்டு, கடைசிப் பில்களுக்குப் போதுமானதை மட்டும் விட்டுவையுங்கள். கணக்கு மைனஸில் போனால் மூடுவது இழுத்துக்கொண்டே போகும்.

பலர் மறப்பது சிம் கார்டு. வங்கிச் செயலியில் பணம் அனுப்ப வேண்டிய புதிய கணக்கைச் சேர்க்க பிரெஞ்சு எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும். கணக்கு மூடப்பட்ட பிறகுதான் அந்த எண்ணை விட வேண்டும். காசோலை கொடுத்திருந்தால், அது 1 வருடம் 8 நாள் வரை செல்லும். பணமாக்கப்படாத காசோலை இருக்கிறதா என்று மூடுமுன் அடிக்கட்டைகளைப் பார்த்துவிடுங்கள்.