71 சதவீத வெற்றியும் லெட்ஜரில் குறைந்த 925 ரூபாயும்

என் தங்கை மகன் 2025-இன் முதல் பாதியில் நிஃப்டி வாராந்திர ஆப்ஷன்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தான். முதலீட்டைப் பெருக்க ஐந்து லட்சம் ரூபாய் கடன் கேட்டு வந்தவன், டிரேடிங் ஜர்னல் செயலி ஒன்றின் சுருக்கப் பக்கத்தை என்னிடம் நீட்டினான். வெற்றி விகிதம் 71 சதவீதம், சராசரி லாபம் 886 ரூபாய், சராசரி நஷ்டம் 1,556 ரூபாய், ப்ராஃபிட் ஃபேக்டர் 1.39 என்று அதில் பச்சை எழுத்தில் இருந்தது. “மாமா, நூத்துக்கு எழுபத்தொண்ணு ஜெயிச்சிருக்கேன், இதுக்கு மேல என்ன வேணும்?” என்றான். புரோக்கரின் லெட்ஜர் வேண்டும் என்றேன்.

லெட்ஜரில் அவன் செலுத்திய தொகை 1,50,000 ரூபாய். இடையில் பணம் எதையும் எடுக்கவில்லை. கையில் திறந்த பொசிஷன் எதுவும் இல்லை. கணக்குப் பராமரிப்புக் கட்டணத்தையும் ஒதுக்கிவிட்டுத்தான் பார்த்தேன். மீதி 1,49,075. ப்ராஃபிட் ஃபேக்டர் 1.39 என்றால், நஷ்டத்தில் போன ஒவ்வொரு ரூபாய்க்கும் லாபத்தில் ஒரு ரூபாய் முப்பத்தொன்பது காசு வந்திருக்க வேண்டும். செயலியின் கணக்குப்படி மொத்த லாபம் 39,000, மொத்த நஷ்டம் 28,000 ஆகையால் லெட்ஜர் 11,000 ரூபாய் ஏறியிருக்க வேண்டும். அது 925 ரூபாய் இறங்கியிருந்தது.

செயலிக்காரர்களுக்கு எழுதினோம். “நீங்கள் ஏற்றிய டிரேட்புக்கில் இருப்பதையே கணக்கிடுகிறோம்” என்று இரண்டு வரிப் பதில் வந்தது. புரோக்கரின் வாடிக்கையாளர் சேவையைத் தொலைபேசியில் அழைத்தால், நெடுநேரம் இசை கேட்க வைத்துவிட்டு, “லெட்ஜர் கரெக்டா இருக்கு சார், செயலிக்கு நாங்க பொறுப்பில்ல” என்றார் ஒருவர். எரிச்சல் என்னவென்றால், இருவரும் சொன்னது உண்மைதான். இருவருக்கும் நடுவில் காணாமல் போன பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குத்தான் யாரும் பொறுப்பில்லை.

நிறைவேறிய ஒவ்வொரு வாங்கலும் விற்பனையும் வரிவரியாக இருக்கும் டிரேட்புக்கைப் புரோக்கரின் தளத்திலிருந்து இறக்குவது சுலபம். அதை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறப்பதுதான் ஆபத்து. என்.எஸ்.இ.யின் ஆர்டர் எண் 16 இலக்கம் கொண்டது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும், கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். விளைவாக, கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு தனி ஆர்டர்கள் ஒன்றாகத் தெரியலாம். கோப்பைத் திறக்காமல், டேட்டா பகுதியின் வழியாக உள்ளே கொண்டுவந்து, `order_id`, `trade_id` ஆகிய இரண்டு பத்திகளையும் எழுத்து வகையாகக் குறித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

71 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அவன் பெரும்பாலும் இரண்டு லாட், அதாவது 150 எண்ணிக்கை வாங்குவான். விற்கும்போது ஒரே ஆர்டர் சந்தையில் இரண்டு துண்டுகளாக நிறைவேறினால் டிரேட்புக்கில் இரண்டு வரிகள் விழும். செயலி அவற்றை இரண்டு வெற்றிகளாக எண்ணியிருந்தது. வெற்றிகள் நஷ்டங்களைவிட அதிகமாகத் துண்டுபட்டிருந்தன. கையிலிருக்கும் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கி மீண்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை உள்ள எல்லா வரிகளையும் ஒரே வியாபாரமாகச் சேர்த்தபோது, 44 வெற்றிகள் 26 ஆகவும், 18 நஷ்டங்கள் 14 ஆகவும் சுருங்கின. வெற்றி விகிதம் 65 சதவீதமாயிற்று. சராசரி லாபம் 886-லிருந்து 1,500-க்கும், சராசரி நஷ்டம் 1,556-லிருந்து 2,000-க்கும் ஏறின.

இத்தனை மாறியும் ப்ராஃபிட் ஃபேக்டர் அதே 1.39-இல் அசையாமல் நின்றது. மொத்த லாபத்தை மொத்த நஷ்டத்தால் வகுப்பதே அந்த எண் என்பதால், ஒரே லாபத்தை எத்தனை துண்டாக்கினாலும் மொத்தம் மாறாது. எனவே ஒருவர் சராசரி லாபத்தையோ வெற்றி விகிதத்தையோ காட்டினால், “ஒரு வியாபாரம் என்று எதை எண்ணுகிறீர்கள்?” என்று முதலில் கேட்பது நல்லது. ப்ராஃபிட் ஃபேக்டரைக் காட்டினால் கேட்க வேண்டியது வேறு: பட்டியலில் எது விடுபட்டிருக்கிறது?

விடுபட்டதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் வாங்கிய எண்ணிக்கையையும் விற்ற எண்ணிக்கையையும் எதிரெதிரே கூட்டினால், தேதி கழிந்த எல்லாவற்றிலும் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். நான்கு ஆப்ஷன்களில் 150 வாங்கியிருந்தான், விற்றது பூஜ்யம். நான்குமே பதினைந்து ரூபாய்ப் பக்கம் வாங்கப்பட்டு, வியாழக்கிழமை மாலை மதிப்பிழந்து காலாவதியானவை. காலாவதி என்பது சந்தையில் நடந்த வியாபாரம் அல்ல. அதற்கு விற்பனை வரியும் இல்லை, டிரேட்புக்கில் இடமும் இல்லை. செயலியோ, விற்பனை வரி வராததால், அந்த நான்கையும் இன்னும் கையில் இருக்கும் பொசிஷன்களாகப் பாவித்து வேறொரு பக்கத்தில் வைத்திருந்தது. மாதங்களுக்கு முன்பே செத்துப்போன ஆப்ஷன்கள் “ஓப்பன்” என்ற தலைப்பின் கீழ் உட்கார்ந்திருந்ததை அவனும் அப்போதுதான் பார்த்தான்.

இது எல்லாரையும் ஒரே மாதிரி பாதிக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆப்ஷனை வாங்குகிறவருக்கு மதிப்பிழந்த காலாவதி என்பது முழு நஷ்டம். ஆகவே அவரது பதிவிலிருந்து விடுபடுவதெல்லாம் நஷ்டங்களே. ஆப்ஷனை விற்றுவிட்டுக் காத்திருப்பவருக்கு அதே காலாவதி முழு லாபம். அவரது பதிவு உண்மையைவிட மோசமாகத் தெரியும்.

வாங்கிய விலையை உறுதிப்படுத்த, அன்றைய வியாபாரங்களையும் கட்டணங்களையும் காட்டிப் புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டுகளை மின்னஞ்சலில் தேடி எடுத்தோம். அவற்றைத் திறக்கும் கடவுச்சொல் பான் எண், அதுவும் பெரிய எழுத்தில். நான்கும் சேர்ந்து 9,225 ரூபாய். வியாபாரங்கள் 44 ஆயின, நஷ்டங்கள் 18, மொத்த நஷ்டம் 37,225. ப்ராஃபிட் ஃபேக்டர் ஒரே அடியில் 1.05-க்கு இறங்கியது. பையன் பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

அடுத்தது கட்டணங்கள், அவையும் செயலியின் கணக்கில் இல்லை. உதாரணத்துக்கு, 150 எண்ணிக்கையை 52 ரூபாய்க்கு வாங்கி 62-க்கு விற்ற ஒரு வியாபாரத்தின் கான்ட்ராக்ட் நோட்டை எடுத்துக்கொள்வோம். லாபம் 1,500. புரோக்கரேஜ் ஆர்டருக்கு 20 வீதம் 40 ரூபாய். விற்ற தொகை 9,300 மீது 0.1 சதவீதம் எஸ்.டி.டி. என்ற பங்குப் பரிவர்த்தனை வரி 9 ரூபாய், இரு பக்கமும் சேர்த்து எக்ஸ்சேஞ்ச் கட்டணம் 6 ரூபாய், புரோக்கரேஜ் மீதும் எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தின் மீதும் 18 சதவீத ஜி.எஸ்.டி. எட்டு ரூபாய்ச் சொச்சம். முத்திரைத் தீர்வை காசுக் கணக்கு. மொத்தம் ஏறத்தாழ 64 ரூபாய். எல்லா நோட்டுகளையும் கூட்டியதில், வாங்கி விற்ற வியாபாரத்துக்குச் சராசரியாக 65 ரூபாயும், விற்காமலே காலாவதியானவற்றுக்கு 25 ரூபாயும் வந்தன.

கட்டணத்தைக் கடைசியில் மொத்தமாகக் கழிப்பது போதாது. ஒவ்வொரு வியாபாரத்திலும் கழிக்க வேண்டும், ஏனெனில் அது லாபத்தைக் குறைப்பதோடு நஷ்டத்தையும் பெருக்குகிறது. 26 வெற்றிகளின் நிகர லாபம் 37,310; 18 நஷ்டங்களின் நிகரம் 38,235. வித்தியாசம் 925. லெட்ஜரில் குறைந்திருந்த அதே 925. அந்த எண்ணை எக்செல்லில் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், பையனின் நஷ்டத்தையும் மறந்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கணக்கு லெட்ஜரோடு ஒட்டும்வரை எந்தப் புள்ளிவிவரத்தையும் வாசிக்கத் தொடங்கவே கூடாது.

இனிதான் எண்களை வாசிக்கலாம். ப்ராஃபிட் ஃபேக்டர் 0.98. சராசரி லாபம் 1,435, சராசரி நஷ்டம் 2,124. அதாவது ஒரு ரூபாய் நஷ்டத்துக்கு எதிரே 68 காசு லாபம். இந்த விகிதத்தோடு ஒருவர் கை கடிக்காமல் இருக்க எத்தனை சதவீதம் வெல்ல வேண்டும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு: சராசரி நஷ்டத்தை, சராசரி லாபமும் சராசரி நஷ்டமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும்.

```
2124 / (1435 + 2124) = 0.597
26 / 44 = 0.591
```

தேவை 59.7 சதவீதம், அவன் வென்றது 59.1. ஒரு வியாபாரத்துக்குச் சராசரியாக 21 ரூபாய் நஷ்டம். நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் ஜெயித்தால் லாபம் என்ற அவன் நம்பிக்கை, லாபமும் நஷ்டமும் ஒரே அளவாக இருந்தால் மட்டுமே செல்லும். லாபத்தைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டு நஷ்டத்தைக் காலாவதிவரை தாங்குகிறவருக்கு அந்தக் கோடு மேலே போய்க்கொண்டே இருக்கும்.

“அப்ப கிட்டத்தட்ட சமம்தானே மாமா, கொஞ்சம் கவனமா இருந்தா லாபம்தான்?” என்றான். அதற்காக இரண்டு சோதனைகள் செய்து காட்டினேன். ஒரே நாளில் சந்தை ஓடியபோது கிடைத்த, கட்டணம் கழிக்குமுன் 9,600 ரூபாயான லாபம்தான் பட்டியலிலேயே பெரியது. அதை மட்டும் நீக்கினால் ப்ராஃபிட் ஃபேக்டர் 0.73. மொத்த லாபத்தின் கால் பங்கை ஒரே வியாபாரம் சுமந்திருக்கிறது. இரண்டாவது, 44 வியாபாரம் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. 59 சதவீதம் வென்றிருந்தாலும், தற்செயலை மட்டும் கணக்கில் கொண்டால் அவனது உண்மையான வெற்றி விகிதம் 45-லிருந்து 74 வரை எங்கும் இருக்கலாம். இந்தப் பதிவு அவன் திறமையற்றவன் என்று நிரூபிக்கவில்லை. ஐந்து லட்சம் கொடுக்கக் காரணம் எதையும் தரவில்லை, அவ்வளவுதான். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. சான்றுப் பொறுப்பு கேட்கிறவன் மேல்தான் இருக்கிறது.

கடனைப் பற்றி அவன் மறுபடி பேச்செடுக்கவில்லை. ஆனால் செயலியைத் திருத்தியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். காலாவதியான நான்கையும் கையால் மூட முயன்றபோது, விற்பனை விலைக் கட்டத்தில் பூஜ்யத்தை அது ஏற்க மறுத்தது. கடைசியில், ஆப்ஷன் விலை நகரக்கூடிய மிகச் சிறிய அளவான 0.05-ஐ இட்டோம், ஒவ்வொன்றுக்கும் ஏழரை ரூபாய் பிசகும், பரவாயில்லை. அமைப்புகளுக்குள் ஒளிந்திருந்த கட்டண விகிதங்களையும் நிரப்பிய பிறகு, சுருக்கப் பக்கத்தில் ப்ராஃபிட் ஃபேக்டர் 0.98 என்று சிவப்பில் வந்தது. துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் வசதி மட்டும் மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்குத்தானாம். ஆகவே வெற்றி விகிதத்தை இன்னும் எக்செல்லில்தான் பார்த்துக்கொள்கிறான்.