எத்தனையில் ஒன்று?

"கண்டாமினேஷன்தானே மேடம்? வான்கோமைசினை நிறுத்திடலாமா?" என்று டூட்டி டாக்டர், லேபில் இருந்த என்னிடம் போனில் கேட்டார். பாட்டிலில் வளர்ந்த கிருமி ரத்தத்தில் இருந்ததல்ல, எடுக்கும்போது வெளியிலிருந்து கலந்ததுதானே, ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தலாமா என்பது கேள்வி. ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று இன்னும் தோன்றுகிறது.

நோயாளிக்குக் கழுத்து ரத்தக்குழாயில் செருகிய டயாலிசிஸ் குழாய், அதாவது கதீட்டர். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். ராத்திரி, ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு பிளட் கல்ச்சர் பாட்டில் எடுத்துவிட்டு வான்கோமைசினை ஆரம்பித்திருந்தார்கள். 30 மணி நேரத்தில் மெஷின் பாசிட்டிவ் காட்டியது. ஸ்லைடில் கொத்துக் கொத்தாக ஊதா உருண்டைகள். கோயாகுலேஸ் நெகட்டிவ். அதாவது, நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ்.

இதே இனத்தில் கொடியதான ஸ்டாஃப் ஆரியஸாக இருந்திருந்தால் ஒரு பாட்டில் போதும், யோசித்திருக்கவே மாட்டேன். இந்தக் கிருமியோ ஊசி போகும்போது தோலிலிருந்தும் வரும், கதீட்டரில் ஒட்டி வளர்ந்து ரத்தத்துக்கும் வரும். இரண்டு இடத்தில் குத்தி எடுத்த நாலு பாட்டிலில் ஒன்றில் மட்டும் வளர்ந்தால் பெரும்பாலும் தோல்தான் என்று சொல்லிவிடலாம். இங்கே ஒன்றில் ஒன்று. அதற்கு என்ன அர்த்தம் சொல்வது?

"24 மணி நேரம் தாண்டித்தானே மேடம் வந்திருக்கு?" என்றார் டூட்டி டாக்டர். நல்ல கேள்விதான். தோல் கிருமி பெரும்பாலும் தாமதமாகத்தான் வளரும். ஆனால் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். 8 முதல் 10 மில்லி ரத்தம் இருக்க வேண்டிய இடத்தில் 3 மில்லி தேறினால் அதிகம். ரத்தம் குறைந்தால் உள்ளே போகும் கிருமியும் குறையும், நிஜத் தொற்றுகூட தாமதமாகத்தான் தெரியும்.

எடுத்த சிஸ்டரைக் கேட்டேன். "குளோர்ஹெக்சிடின் தடவினோமே மேடம்." அது காய அரை நிமிடம் விட்டார்களா, துடைத்த பிறகு நரம்பைத் தேடி மறுபடி விரல் வைத்தார்களா, கையிலிருந்து எடுத்ததா, கதீட்டரிலிருந்தா? எதுவும் எழுதி வைக்கவில்லை. ராத்திரி நேரத்தில் யார்தான் எழுதுவார்கள், அதுவும் சரி.

கதீட்டரிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவு ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டிலும் ஒரே கிருமி வளர்ந்து, கதீட்டர் பாட்டில் 2 மணி நேரமாவது முந்தினால் குற்றவாளி கதீட்டர்தான். இரண்டும் நெகட்டிவ். ஆனால் சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் ஒரு டோஸ் வான்கோமைசினே நாள்கணக்கில் நிற்கும். அந்த நெகட்டிவை நான் எப்படி நம்புவது? அதற்குள் கதீட்டரையும் மாற்றிவிட்டார்கள், காய்ச்சலும் இறங்கிவிட்டது. எது இறக்கியதோ.

"ஒரே பாட்டில், குறைந்த ரத்தம், முக்கியத்துவத்தைத் தீர்மானிக்க இயலவில்லை" என்று ரிப்போர்ட் கொடுத்தேன். நழுவல் பதில் என்றார் சக மருத்துவர் ஒருவர். இருக்கலாம். ஆனால் வேறென்ன எழுதுவது?

போன வாரம் அதே வார்டிலிருந்து இன்னொரு பாட்டில் வந்தது. இந்த முறை கழுத்து வரை நிரப்பி. அளவு மீறினால் வெள்ளணுக்கள் விடும் கரியமில வாயுவுக்கே மெஷின் பாசிட்டிவ் காட்டிவிடும். அதுவும் ஒற்றை பாட்டில்தான்.