பால் அலர்ஜி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்

வீட்டில் எப்போதும் "எனக்குப் பால் ஒத்துக்காது" என்றுதான் சொல்வேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே, கொஞ்சம் மருத்துவ பாஷையில் சொல்வோம் என்று வரவேற்பு மேசையில் "பால் அலர்ஜி, கோதுமையும் அலர்ஜி மாதிரிதான் இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன். மேசையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தட்டச்சு செய்து, அலர்ஜி பிரிவுக்கு டோக்கன் கொடுத்தார். மூன்று மாத அலைச்சல் அங்கே ஆரம்பித்தது.

முதல் நாளே திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாள் முன்பு சளிக்கு ஒரு மாத்திரை போட்டிருந்தேன். அந்த வகை மாத்திரை உடம்பில் இருந்தால் தோல் சோதனையில் வர வேண்டிய வீக்கத்தையே அமுக்கிவிடுமாம். ஒரு வாரம் கழித்துத்தான் செய்ய முடியும் என்றார்கள். டோக்கன் கொடுக்கும்போதே இதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

மறுபடி போனேன். முன்கையில் பேனாவால் கோடு போட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்து, சொட்டின் மேலே லேசாக ஒரு குத்து. கால் மணி நேரம் கையை மேசையில் நீட்டியபடி உட்கார வேண்டும். ஒரே ஒரு இடம்தான் கொசு கடித்த மாதிரி தடித்தது. ஆசையாகப் பார்த்தேன். சோதனை வேலை செய்கிறதா என்று பார்க்க எல்லோருக்கும் வைக்கிற ஹிஸ்டமின் சொட்டாம் அது. பால், கோதுமை வைத்த இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. "உங்களுக்கு அலர்ஜி இல்லை, தாராளமாகப் பால் குடிக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்று மாலையே ஒரு பெரிய டம்ளர் குடித்தேன். ஒன்றரை மணி நேரத்தில் வயிறு கடமுடா என்று உருள ஆரம்பித்தது. மீதி மாலை எங்கே கழிந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் குடல் டாக்டர் ஒருவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன ஆகுதுன்னு மட்டும் சொல்லுங்க, பேரு நான் வைக்கிறேன்." உதடு வீங்குமா, உடம்பு தடிக்குமா, மூச்சு இழுக்குமா? இல்லை. ஒரு வாய் குடித்தால் ஆகுமா, ஒரு டம்ளர் குடித்தால்தானா? டம்ளர்தான். தயிர்? பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. "அப்போ இது பாலோட புரதத்துக்கு நடக்கிற சண்டை இல்லை, சர்க்கரையைச் செரிக்கிற விஷயம்" என்றார்.

அலர்ஜி என்றால் பாலில் உள்ள புரதத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதிரியாக நினைத்துப் பாய்வது. அதற்கு ஒரு சொட்டுகூடப் போதும். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தடிப்பு, வீக்கம் என்று ஆரம்பித்து, மோசமானால் மூச்சடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கு இருந்தது வேறு. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்க, சிறுகுடலின் உள்சுவரில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். அது போதாவிட்டால் சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே அது தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, பாக்டீரியாக்கள் அதைத் தின்று வாயுவை உண்டாக்குகின்றன. உப்புசம், வயிற்றுப்போக்கு என்று படுத்தும், ஆனால் உயிரை எடுக்காது. எவ்வளவு குடித்தோம் என்பதைப் பொறுத்துத்தான் தொல்லையும். இந்த வித்தியாசம் தெரியாமல், லாக்டோஸ் நீக்கிய பாலை அலர்ஜி உள்ள குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதில் சர்க்கரைதான் உடைக்கப்பட்டிருக்கும், புரதம் அப்படியே இருக்கும்.

அடுத்தது மூச்சுச் சோதனை. பாக்டீரியா உண்டாக்கும் ஹைட்ரஜன் ரத்தம் வழியாக நுரையீரலுக்கு வந்து மூச்சில் வெளியேறும், அதை அளக்கிறார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், போனேன். குழாயில் முதல் ஊது ஊதியதுமே அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினார். லாக்டோஸ் குடிப்பதற்கு முன்பே அளவு எகிறியிருந்தது. "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" பயறு. வெறும் வயிறு என்றால் காலையில் சாப்பிடாமல் வருவது மட்டும் இல்லையாம். முந்தின நாள் முழுக்கப் பயறு, நார்ச்சத்து எதுவும் கூடாது, ஒரு மாதத்துக்குள் ஆன்டிபயாடிக் எடுத்திருக்கவும் கூடாது. இன்னொரு நாள் வீண். அடுத்த முறை ஒழுங்காகப் போய், சர்க்கரைக் கரைசலைக் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் ஊதினேன். அளவு 20 பிபிஎம் கூடினாலே லாக்டோஸ் செரிக்கவில்லை என்று அர்த்தம். எனக்கு அதைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் கோதுமை விஷயத்தில்தான். ரொட்டி சாப்பிட்டால் வயிறு ஊதி, தலை பாரமாக இருக்கிறதே என்று நானே இரண்டு மாதமாகக் கோதுமையை நிறுத்தியிருந்தேன். பெருமையாக வேறு சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சீலியாக் என்று ஒரு நோய் உண்டு. கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்கும். அது அலர்ஜியும் இல்லை, வெறும் செரிமானக் கோளாறும் இல்லை. லாக்டேஸ் இருக்கும் குடல் சுவரையே அது தேய்த்துவிடுவதால், பால் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கே அது காரணமாக இருக்கலாம். அதனால் அதைப் பார்க்காமல் விட முடியாது. ஆனால் ரத்தச் சோதனை தேடுவது க்ளூட்டன் சாப்பிடும்போது உருவாகும் எதிர்ப்பொருளை. சாப்பிடாமல் இருந்தால் அது குறைந்துகொண்டே போய், நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம்.

ஆக, எது தொல்லை தருகிறதோ அதையே தினமும் இரண்டு துண்டு ரொட்டி என்று ஆறு வாரம் சாப்பிட வேண்டியதாயிற்று. வாரா வாரம் பெல்ட் ஓட்டை மாறியது. அதன் பிறகு ரத்தம் எடுத்தார்கள், குடலிலிருந்து ஒரு துணுக்கும் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சீலியாக் இல்லை, கோதுமை அலர்ஜி இல்லை, ஆனால் சாப்பிட்டால் தொல்லை. இப்படிக் கழித்துக் கழித்து மிஞ்சுவதற்குப் பெயர்தான் க்ளூட்டன் உணர்திறன். அதற்கென்று தனிச் சோதனை எதுவும் கிடையாது. அதிலும் குற்றவாளி க்ளூட்டன்தானா என்று உறுதி இல்லையாம். கோதுமையில் ஃப்ரக்டான் என்று ஒரு கார்போஹைட்ரேட்டும் இருக்கிறது, அதுவே வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. எனக்கு வெங்காயமும் படுத்தும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சேர்த்து, நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் வேறு ஒரு வலிக்கு மாத்திரை வாங்கப் போனால் மருந்தாளுநர் தரவில்லை. மாத்திரையில் கொஞ்சம் லாக்டோஸ் இருக்கிறதாம், என் கோப்பில் சிவப்பு எழுத்தில் "பால் அலர்ஜி" என்று இருக்கிறதாம். மாத்திரையில் இருக்கும் துளி லாக்டோஸ் என்னை ஒன்றும் செய்யாது என்று டாக்டரே சொல்லியிருந்தார். நேராக அதே வரவேற்பு மேசைக்குப் போய், டாக்டர் சீட்டை நீட்டி, மாற்றச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்துப் புதுத் தாள் வந்தது: "லாக்டோஸ் ஒவ்வாமை".

ஒவ்வாமை என்றாலும் அலர்ஜிதானே! திரும்பவும் நின்றேன். "அப்புறம் என்னதான் போடணும்?" என்று சலித்துக்கொண்டார். "பால் சர்க்கரை செரிக்காது, அலர்ஜி இல்லை, அப்படியே போடுங்க" என்றேன். போட்டார். மாத்திரையை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினேன்.