செய்முறைத் தாளின் கடைசி வினா: ACTIVE_FLAG பற்றித் தரவுப் பொறுப்பாளருக்கு எழுதும் மின்னஞ்சல்

கொழும்பில் வார இறுதி வகுப்புகளாக நடைபெறும் தரவுப் பகுப்பாய்வு டிப்ளோமாவின் பெறுபேறுகள் சில நாட்களுக்கு முன்னர் வெளியாகின. செய்முறைத் தாளின் கடைசி வினாதான் என்னைக் கரைசேர்த்தது. வரைபடங்களை என்னைவிட அழகாக அமைத்த நண்பர்கள் சிலர் அதே வினாவில் புள்ளிகளை இழந்து, அடுத்த தவணைக்கு மீண்டும் விண்ணப்பிக்கும் நிலையில் இருக்கிறார்கள். ஆகவே அடுத்த தவணையில் எழுதவிருப்பவர்களுக்காக அந்த ஒரு வினாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றுக்குக் கடந்தகால வினாத்தாள்களே போதும்.

வினா உங்களுக்குத் தெரிந்த அமைப்பில்தான் இருந்தது. ஒரு கற்பனை வங்கியின் வாடிக்கையாளர், கணக்கு, கொடுக்கல் வாங்கல் ஆகிய மூன்று அட்டவணைகள் தரப்பட்டன. கிளைவாரியாக, மாதவாரியாகச் செயற்பாட்டிலுள்ள வாடிக்கையாளர்களின் எண்ணிக்கையைக் காட்டும் டாஷ்போர்ட் முகாமையாளருக்கு வேண்டும். வாடிக்கையாளர் அட்டவணையில் ACTIVE_FLAG என்றொரு புலம் இருந்ததே தவிர, அதற்கு விளக்கக் குறிப்பு எதுவும் இல்லை. டாஷ்போர்டை அமைப்பவராக உங்களைக் கருதி, தரவுப் பொறுப்பாளரிடம் வரைவிலக்கணம் கேட்டு எழுத வேண்டும்.

பலர் “ACTIVE_FLAG என்பதன் பொருளைத் தயவுசெய்து அறியத் தரவும்” என்று எழுதியிருக்கிறார்கள். எந்த அலுவலகத்திலும் அதற்கு வரக்கூடிய பதில் “செயற்பாட்டிலுள்ள வாடிக்கையாளர்” என்பதுதான். கேட்டவரும் பதில் சொன்னவரும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். கேள்வி எழுதுவதற்கு முன்னர் தரவை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதையே நான் மீண்டும் மீண்டும் சொல்வேன். என் இயல்பு அப்படிப்பட்டது: கையில் எண் இல்லாமல் மேலிடத்துக்கு ஒரு வரியும் எழுத எனக்கு மனம் வராது.

புலத்தின் மதிப்புகளைத் தொகுத்தபோது, 12,000 வாடிக்கையாளர்களில் Y என 9,400 பேரும், N என 2,150 பேரும், வெறுமையாக 450 பேரும் இருந்தனர். அடுத்து, Y எனக் குறிக்கப்பட்டவர்களில் கடந்த 90 நாட்களில் தாமாக எந்தக் கொடுக்கல் வாங்கலும் செய்யாதவர்களைத் தேடினேன். வினாத்தாள் தந்த அறிக்கைத் திகதி 2025 ஜூன் 30.

```sql
SELECT COUNT(*)
FROM CUSTOMER C
WHERE C.ACTIVE_FLAG = 'Y'
  AND NOT EXISTS (
    SELECT 1 FROM TXN T
    WHERE T.CUST_ID = C.CUST_ID
      AND T.TXN_TYPE NOT IN ('INT','TAX','CHG')
      AND T.TXN_DATE > '2025-04-01');
```

விடை 3,100. இந்த வினவலின் உயிர் NOT IN வரியில் இருக்கிறது. சேமிப்புக் கணக்கில் மாதந்தோறும் வட்டி வரவு விழுகிறது, அந்த வட்டியிலிருந்து வரி கழிகிறது, சில கணக்குகளில் குறுந்தகவல் கட்டணமும் கழிகிறது. இவை எல்லாம் முறையே INT, TAX, CHG என்ற வகைகளில் கொடுக்கல் வாங்கல் அட்டவணையில் பதிவுகளாகவே நிற்கின்றன. அந்த வரியை விட்டுவிட்டால், வங்கிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கூட ஒவ்வொரு மாதமும் செயற்பட்டவராகத் தோன்றுவார், விடையும் பெரிதும் குறைந்துவிடும்.

அந்த 3,100 பேரைக் கணக்கு அட்டவணையுடன் இணைத்தபோது, 1,200 பேரிடம் நிலையான வைப்பு மட்டுமே இருந்தது. ஓராண்டு வைப்புக்காரர் இடையில் வங்கிக்கு வர வேண்டிய தேவையே இல்லை. ஆனால் அவர் வங்கியின் பெறுமதியான வாடிக்கையாளர். மீதி 1,900 பேரின் சேமிப்புக் கணக்குகளில் வட்டியும் வரியும் கட்டணமும் தவிர வேறு அசைவே இல்லை. ஆக, ஒரே அட்டவணையிலிருந்து மூன்று விடைகள் கிடைக்கின்றன: புலத்தை நம்பினால் 9,400, Y எனக் குறிக்கப்பட்டவர்களில் தாமாகச் செயற்பட்டவர்களை மட்டும் எடுத்தால் 6,300, அவர்களுடன் வைப்புக்காரர்களையும் சேர்த்தால் 7,500. N எனக் குறிக்கப்பட்டவர்களிலும் 85 பேர் அதே காலத்தில் பணம் எடுத்திருந்தார்கள். எனவே இந்தப் புலம் காலந்தாழ்த்திப் புதுப்பிக்கப்படுகிறது, அல்லது அடையாள ஆவணங்கள் முழுமையாக உள்ளனவா என்பது போன்ற வேறு ஏதோ ஒன்றைக் குறிக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு.

நான் எழுதிய மின்னஞ்சலை நினைவிலிருந்து தருகிறேன்.

> மதிப்பிற்குரிய அம்மணி,
>
> கிளைவாரி டாஷ்போர்டில் “செயற்பாட்டிலுள்ள வாடிக்கையாளர்” என்ற எண்ணிக்கையைக் காட்டுவதற்கு ACTIVE_FLAG புலத்தின் வரைவிலக்கணத்தைத் தங்களிடமிருந்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. தற்போது அது 9,400 பேரைக் காட்டுகிறது. அவர்களில் 3,100 பேர் 2025 ஜூன் 30 வரையான 90 நாட்களில் தாமாக எதுவும் செய்யவில்லை.
>
> எடுத்துக்காட்டாக, C10482 இலக்க வாடிக்கையாளரின் ஒரே சேமிப்புக் கணக்கில் 2023 முதல் வட்டியும் வரியும் மட்டுமே பதிவாகியுள்ளன. C07315 இலக்க வாடிக்கையாளரிடம் ஓராண்டு நிலையான வைப்பு மட்டுமே உள்ளது. இருவரும் Y எனவே குறிக்கப்பட்டுள்ளனர்.
>
> 1. இவ்விருவரில் எவரைத் தாங்கள் செயற்பாட்டிலுள்ளவராகக் கொள்கிறீர்கள்?
> 2. காலவரையறை 90 நாட்களா, 180 நாட்களா, 12 மாதங்களா?
> 3. பல கணக்குகள் உள்ளவரின் ஒரு கணக்கு மட்டும் இயங்கினால் அது போதுமானதா? கூட்டுக் கணக்கில் இருவரையும் எண்ணுவதா?
> 4. வெறுமையாக உள்ள 450 பேரை எவ்வாறு கொள்வது?
>
> வியாழக்கிழமைக்குள் தங்கள் முடிவு கிடைக்குமாயின் திங்கட்கிழமை மீளாய்வில் சேர்க்கலாம். அதுவரை 7,500 என்ற எண்ணை “தற்காலிக வரைவிலக்கணம்” என்ற குறிப்புடன் காட்டுவேன்.

புள்ளியைப் பெற்றுத் தந்தது இரண்டாவது பந்திதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பொறுப்பாளர் அட்டவணையைப் பார்ப்பவர் அல்லர், வாடிக்கையாளரைப் பார்ப்பவர். வரைவிலக்கணம் கேட்டால் தயங்குபவர், இரண்டு ஆட்களை முன்னால் நிறுத்தி “இவரா, அவரா?” என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவார். அந்தப் பதிலிலேயே விதியும் அடங்கியிருக்கும். பெயரோ தேசிய அடையாள அட்டை இலக்கமோ மின்னஞ்சலில் வரக்கூடாது. வாடிக்கையாளர் இலக்கம் மட்டும் போதும்.

வேறு சில குறிப்புகள்:

- கடிதத்தைத் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதாதீர்கள். இரவில் தானாக ஓடும் எந்த நிரலால் புலம் நிரப்பப்படுகிறது என்பதை அவர்கள் சொல்வார்கள். எவரை எண்ண வேண்டும் என்பது வைப்புப் பிரிவின் தீர்மானம்.
- மத்திய வங்கியின் பணிப்புரைப்படி கைவிடப்பட்ட சொத்தாகக் கொள்ளும் 10 ஆண்டு எல்லையை இங்கே இழுத்து வராதீர்கள். ஒருவர் அதை எழுதிப் புள்ளி இழந்தார். அது உரிமை கோரப்படாத பணத்துக்கான விதி.
- “புலம் பிழையானது” என்று எழுத வேண்டாம். அது வேறொரு தேவைக்குச் சரியாக இருக்கக்கூடும்.

மாதவாரி வரைபடம்தான் இந்த வினாவின் கண்ணி. ACTIVE_FLAG இன்றைய நிலையை மட்டும் வைத்திருக்கிறது. புதுப்பிக்கும்போது பழைய மதிப்பு அழிந்துவிடும். ஆகவே வரைவிலக்கணம் தெளிவாகக் கிடைத்தாலும், ஜனவரியில் எத்தனை பேர் Y ஆக இருந்தார்கள் என்பதை அந்தப் புலத்திலிருந்து எடுக்க முடியாது. ஒவ்வொரு மாத இறுதிக்கும் கொடுக்கல் வாங்கல் அட்டவணையிலிருந்தே கணக்கிட வேண்டும். இதை மின்னஞ்சலில் ஐந்தாவது கேள்வியாக எழுத எனக்கு நேரம் போதவில்லை. டாஷ்போர்டின் அடிக்குறிப்பில் இரண்டு வரிகளாகச் சேர்த்துவிட்டு வந்தேன். நீங்கள் எழுதும்போது, வரைபட நிறங்களைத் தொடுவதற்கு முன்னரே இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.