விளம்பரத் தூதரை நீக்கினோம்: நடத்தை ஷரத்து கைகொடுத்தது, தவணைப் பணம் காலை வாரப் பார்த்தது

எங்கள் விளம்பரத் தூதர் ஒரு நிகழ்ச்சியில் மேடை அமைக்கும் ஊழியரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக் கையை ஓங்கிய வீடியோ பரவியது. நிறுவனத்தின் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவரை நீக்குவதென்று மேலிடம் உடனே முடிவெடுத்துவிட்டது. அந்த முடிவை ஒப்பந்தப்படி நிறைவேற்றுவதற்குள்தான் உயிர் போய் உயிர் வந்தது.

மார்க்கெட்டிங்கில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "இன்றைக்கே அறிக்கை விட்டால் என்ன?" நான் பிடிவாதமாகத் தடுத்தேன். நோட்டீஸ் கொடுக்கும் முன்பே உறவை முறித்துவிட்டோம் என்று ஊருக்குச் சொன்னால், ஒப்பந்தத்தை மீறியது நாங்கள்தான் என்று அவர் திருப்பிவிடலாம். காரணத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் அவதூறு வழக்கும் வரும்.

தூதர் தவறாக நடந்தால் நீக்கலாம் என்ற எங்கள் நடத்தை ஷரத்தில் தண்டனை, வழக்கு என்ற பேச்சே இல்லை. "நிறுவனத்தின் நியாயமான கருத்தில், பொதுமக்களின் வெறுப்புக்கோ இகழ்ச்சிக்கோ இடமளிக்கும் செயல்" என்றுதான் இருந்தது. அதனால் "என் கட்சிக்காரர் மீது புகாரே பதிவாகவில்லை" என்று அவருடைய வக்கீல் எழுதியது எடுபடவில்லை. ஆனால் "நியாயமான" என்ற சொல் எங்களையும் கட்டிப்போட்டது. அமெரிக்காவில் 2011இல் ரஷார்ட் மெண்டன்ஹால் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் வீரரை அவருடைய ட்வீட்டுகளுக்காக ஹேன்ஸ்பிராண்ட்ஸ் நிறுவனம் நீக்கியது. அவர் வழக்குப் போட்டார். அதை ஆரம்பத்திலேயே முடித்துவைக்கும்படி நிறுவனம் கேட்டதை 2012இல் நீதிமன்றம் மறுத்தது. ஷரத்து இருந்தால் மட்டும் போதாது, அதை நியாயமாகப் பயன்படுத்தினார்களா என்பதும் விசாரணைக்கு வரும். ஆகவே வீடியோ முழுதையும் அது வெளியான பக்கத்தின் முகவரி, தேதி, நேரத்தோடு முதல் நாளே சேமிக்கச் சொன்னேன். பிறகு அசல் பதிவு அழிக்கப்பட்டது. அந்தக் கோப்பு இல்லாவிட்டால் எங்கள் கையில் வெறும் பேச்சுதான் மிஞ்சியிருக்கும். வாடிக்கையாளர்களின் புகார்களையும், எங்கள் பெயர் கெடுகிறதென்று விற்பனையாளர்கள் எழுதிய கடிதங்களையும் அதோடு சேர்த்து வைத்தோம்.

அடுத்த இடி அக்கவுண்ட்ஸிலிருந்து வந்தது. நிறுத்தி வைக்கச் சொல்லி நான் மெயில் போட்டிருந்தும், காலாண்டுத் தவணை தானியங்கி முறையில் அவர் கணக்குக்குப் போய்விட்டது. அதே வாரம் சமூக வலைதளக் குழு, முன்பே திட்டமிட்டு வைத்திருந்த அவருடைய பிறந்தநாள் வாழ்த்தை வெளியிட்டது. வக்கீலின் பதிலில் இரண்டுமே முதல் வரியில் வந்து நின்றன: சம்பவம் தெரிந்த பிறகும் பணம் கொடுத்தீர்கள், வாழ்த்தினீர்கள், ஆகவே நீக்கும் உரிமையைக் கைவிட்டுவிட்டீர்கள்.

அதைப் படித்தபோது வயிறு கலங்கியது. காப்பாற்றியவை மூன்று. சம்பவத்துக்கு மறுநாளே "விஷயத்தைப் பரிசீலிக்கிறோம், எங்கள் உரிமை எதையும் கைவிடவில்லை" என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்பியிருந்தோம். எழுத்தில் சொல்லாத எதுவும் உரிமையைக் கைவிட்டதாகாது என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. கொடுத்த தவணையும் சம்பவத்துக்கு முன்பே முடிந்துபோன காலாண்டுக்கானது, அதாவது அவர் வேலை செய்து சம்பாதித்த பணம். இந்த மூன்றாவதை இன்வாய்ஸில் எழுதியிருந்த தேதியை வைத்துத்தான் நிரூபித்தேன். அதைக் கண்டுபிடித்த அன்றுதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

நோட்டீஸ் அனுப்பியதில் இன்னொரு சிக்கல். அவருடைய மேனேஜரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, இரண்டு நீல டிக் வந்ததும் வேலை முடிந்ததென்று மார்க்கெட்டிங் நினைத்தது. ஒப்பந்தமோ அவரோடு நேரடியாகப் போட்டதே அல்ல, அவருடைய சொந்த நிறுவனத்தோடு போட்டது. நோட்டீஸ் அந்த நிறுவனத்தின் பதிவு முகவரிக்குப் பதிவுத் தபாலில் போக வேண்டும், அவருடைய ஏஜென்சிக்கும் நகல் போக வேண்டும். சம்பவம் தெரிந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் உரிமையே போய்விடும் என்றும் இருந்தது. முதலில் போட்ட கவர் "முகவரியில் ஆள் இல்லை" என்று திரும்பி வந்தபோது கெடு நெருங்கியிருந்தது. முகவரி மாறினால் எழுத்துமூலம் தெரிவிப்பது அவர்கள் பொறுப்பு என்ற பிரிவைக் காட்டி, மறுபடியும் அதே முகவரிக்கும், கம்பெனிப் பதிவேட்டில் இருந்த புது முகவரிக்கும் சேர்த்து அனுப்பினோம். திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். இப்படி ஒன்று வந்தால் நீங்களும் பிரித்துவிடாதீர்கள், அனுப்பியதற்கு அதுவே சாட்சி.

நோட்டீஸில் நாங்கள் எழுதியது ஒரே காரணம்: தேதி, இடம், வீடியோவில் தெரிவது, ஷரத்தின் எண். அவருடைய பழைய தாமதங்களையும் சேர்க்கச் சொன்னார்கள், சேர்க்கவில்லை. தாமதத்துக்குச் சரிசெய்ய அவகாசம் தர வேண்டும் என்று வேறு பிரிவு சொன்னது. அதையும் கலந்திருந்தால் இந்த நீக்கத்துக்கும் அவகாசம் கேட்டிருப்பார்கள்.

மீதிக் காலத்துக்கான முன்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். அவர் படம் அச்சிட்ட பெட்டிகள் கிடங்கு நிறையக் கிடந்தன. ஒப்பந்தம் தானாக முடிந்தால் கையிருப்பை விற்க அவகாசம் உண்டு, நாங்கள் பாதியில் நீக்கினால் என்ன என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. முன்பணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் அந்த அவகாசத்தை வாங்கினோம். புது ஒப்பந்தத்தில் இந்த வரியை நானே எழுதிச் சேர்த்துவிட்டேன்.