மாதவிடாய் நின்ற பின் தென்படும் இரத்தம்

நுவரெலியா மாவட்டத்து வைத்தியசாலையொன்றின் பெண் நோயியல் கிளினிக்கில் தாதிய உத்தியோகத்தராகப் பணியாற்றி வருகிறேன். கடைசி மாதவிடாய் வந்து ஒரு வருடம் முழுதாகக் கடந்த பின்னர் மீண்டும் இரத்தம் கண்டதாகச் சொல்லி வரும் பெண்களை இங்கே அடிக்கடி சந்திக்கிறேன். எனக்குக் கவலை தருவது, அவர்களில் பலர் இரத்தம் கண்ட வாரத்திலேயே வராமல் மாதங்கள் கழித்து வருவதுதான். "கொஞ்சமாத்தான் பட்டுச்சு மிஸ், அப்புறம் தானாவே நின்னு போச்சு" என்பதே அவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம்.

அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லுக்கு இந்த விடயத்தில் மதிப்பில்லை. சூலகங்கள் ஓய்ந்த பின்னர் கருப்பையின் உட்படை மாதந்தோறும் தடித்து உதிர்வதற்கான தூண்டுதல் இல்லாமற் போகிறது; அது மெலிந்து அமைதியாகக் கிடக்க வேண்டிய காலம் அது. ஆகவே பாவாடையில் ஒரு பழுப்புக் கறை, வெள்ளைபடுதலோடு கலந்த இளஞ்சிவப்பு நிறம், ஒரேயொரு நாள் கண்ட ஒரு துளி ஆகிய எல்லாமே இரத்தப்போக்கு என்றே கொள்ளப்பட வேண்டியவை. இப்படி வருபவர்களில் பெரும்பாலானோருக்கு யோனியின் அல்லது கருப்பை உட்படையின் மெலிவு, சாதாரணச் சதை வளர்ச்சி போன்ற ஆபத்தற்ற காரணங்களே இருக்கும். ஆனால் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்குக் கருப்பை உட்படையில் புற்றுநோய் இருக்கிறது. அந்த நோய் உள்ள பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த இரத்தப்போக்கு காணப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் நோய் கருப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும் கட்டத்தில். அந்த அறிகுறியை மாதக்கணக்கில் வீணாக்குவதுதான் என் மனதை உறுத்துகிறது.

தோட்டமொன்றிலிருந்து வந்த அறுபது வயது கடந்த ஓர் அம்மாவின் விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வயதாகித் தோட்டப் பதிவில் பேர் வெட்டிய பின்னரும் கைக்காசுக்குக் கொழுந்து பறித்து வந்தவர், உடல் பருத்தவர், சலரோகத்துக்குப் பல வருடங்களாக மருந்து எடுப்பவர். முதலில் கறை கண்டபோது, கொழுந்துச் சாக்கைத் தூக்கியதால் வந்தது என்று நினைத்திருக்கிறார். இரண்டாம் முறை கண்டபோது, டவுனில் ஒரு தனியார் மருந்தகத்தில் கேட்டு, இரத்தத்தை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். மாத்திரை தீர்ந்த சில நாட்களில் மறுபடியும் கண்டது, மறுபடியும் வாங்கினார். பரிசோதனை இல்லாமல் தரப்படும் அந்த மாத்திரைகள் இரத்தத்தை நிறுத்தக்கூடும். ஆனால் இரத்தத்துக்குக் காரணமானது உள்ளே அப்படியே இருக்கும். சலரோகக் கிளினிக்குக்கு மாதந்தோறும் போனவர்தான், ஆனால் ஆண் வைத்தியரிடம் இதை எப்படிச் சொல்வது என்று சும்மா இருந்துவிட்டார். உடுப்புத் துவைக்கும்போது மகள் கண்டுபிடித்துக் கூட்டி வந்ததால்தான் எங்களிடம் வந்தார்.

வந்ததும் அவர் பையிலிருந்து எடுத்தது ஒரு பழைய பாப் பரிசோதனை அறிக்கை. சுகவனிதையர் கிளினிக்கில் 45 வயதில் செய்தது. "இதுல ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்காங்களே மிஸ்" என்றார். பல பெண்களும், சில வேளைகளில் அவர்களுடைய குடும்பத்தாரும், இந்த அறிக்கையை நம்பி இருந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். பாப் பரிசோதனை கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களை எடுத்து, அங்கே புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்களைத் தேடுகிறது. கருப்பையின் உட்படையைப் பார்ப்பது அதன் நோக்கமே அல்ல. அறிக்கை நேற்றுக் கிடைத்ததாக இருந்தாலும், இரத்தம் கண்ட பெண்ணை அதைக் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது.

எங்கள் வைத்தியர் முதலில் உறுதிப்படுத்திக்கொண்டது, இரத்தம் வரும் இடத்தை. சிறுநீரில் கலந்து வருவதையும் மூலநோயால் வருவதையும் கூட இங்கே சிலர் யோனியிலிருந்து வருவதாக எண்ணிவிடுவதுண்டு. பிறகு கருவி வைத்து யோனியையும் கருப்பைக் கழுத்தையும் கண்ணால் பார்த்தார். கழுத்துப் புற்றுநோயும் இதே மாதிரி இரத்தத்தைக் காட்டும் என்பதால் இந்தப் படியைத் தாண்டி நேரே ஸ்கேனுக்குப் போவது சரியல்ல. அம்மாவின் கருப்பைக் கழுத்து சுத்தமாக இருந்தது. அடுத்து யோனி வழி ஸ்கேன். அதில் அளக்கப்படுவது உட்படையின் தடிப்பு. அது 4 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் புற்றுநோய்க்கான சாத்தியம் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. இந்த அம்மாவுக்கு 13 மில்லிமீற்றர் இருந்தது.

தடிப்பு நோயின் பெயரைச் சொல்லாது. திசுவைப் பார்த்தால்தான் தெரியும். எனவே மெல்லிய பிளாஸ்ரிக் குழாய் ஒன்றைக் கருப்பைக்குள் செலுத்தி உட்படையிலிருந்து சிறிதளவு உறிஞ்சி எடுத்தார்கள். மயக்க மருந்து தேவைப்படவில்லை. மாதவிடாய் வலியைப் போல அடிவயிறு சில நிமிடங்கள் பிடித்து இழுத்தது என்று அம்மா சொன்னார். திசு போமலின் போத்தலுக்குள் விழுந்ததும் நான் கிளினிக் கொப்பியை வைத்து இலக்கத்தையும் பெயரையும் மறுபடி சரிபார்த்தேன். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில், ஒரே முதலெழுத்தோடு இரண்டு மூன்று பேர் இருப்பது இங்கே வழக்கம். அறிக்கை வந்தபோது அது புற்றுநோய் என்று உறுதியானது, வீரியம் குறைந்த வகை. கண்டியில் கருப்பை, கருக்குழாய்கள், சூலகங்கள் மூன்றையும் அகற்றினார்கள். நோய் கருப்பைத் தசையின் பாதி ஆழத்தைக் கூடத் தாண்டியிருக்கவில்லை. கதிரியக்கச் சிகிச்சை தேவையில்லை என்று அங்கே முடிவெடுத்தார்கள். மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அழுதுகொண்டிருந்த மகளுக்கு அந்தச் செய்தியைத் தெரிவித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இவருக்கு ஏன் வந்தது என்று மகள் கேட்டார். சூலகங்கள் ஓய்ந்த பிறகும் உடற்கொழுப்பு ஈஸ்ட்ரஜன் ஓமோனை உண்டாக்கிக்கொண்டிருக்கும்; அதைச் சமப்படுத்தும் புரொஜெஸ்ரரோன் அப்போது இருப்பதில்லை; எனவே உட்படை தடையின்றி வளர்கிறது. பருமனும் சலரோகமும் உள்ளவர்களிடம் இந்த ஆபத்துக் கூடுதல். குழந்தை பெறாதவர்கள், மாதவிடாய் மிகத் தாமதமாக நின்றவர்கள், மார்பகப் புற்றுநோய்க்காகத் தமொக்சிபன் எடுப்பவர்கள் ஆகியோரிடமும் அப்படியே. தமொக்சிபன் எடுப்பவருக்கு நோய் இல்லாமலே உட்படை தடிப்பாகத் தெரியும் என்பதால், இரத்தம் கண்டால் அவர்களிடம் 4 மில்லிமீற்றர் அளவை நம்ப இயலாது. இதய நோய்க்காக இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் ஒருவர், "அந்த மாத்திரையாலதான்" என்று தாமாகவே முடிவெடுத்து வராமல் இருந்ததும் உண்டு. மருந்து இரத்தத்தைக் கூட்டலாம், ஆனால் அடியில் வேறு காரணம் இல்லை என்று அது நிரூபிப்பதில்லை.

மெல்லிய உட்படையும் கடைசித் தீர்ப்பு அல்ல. இன்னொரு பெண்ணுக்கு ஸ்கேனில் 3 மில்லிமீற்றர்தான் இருந்தது. யோனி வறண்டு சிவந்திருந்ததால் ஈஸ்ட்ரஜன் கிறீம் கொடுத்து, "திரும்ப ஒரு துளி கண்டாலும் உடனே வாங்க" என்று சொல்லி அனுப்பினோம். மெல்லிய உட்படையிலும் தோன்றும் அரிதான புற்றுநோய் வகை ஒன்று உண்டு. சிறிய சதை வளர்ச்சி ஸ்கேனுக்குத் தப்பிவிடுவதும் உண்டு. ஆகவே இரத்தம் மறுபடி கண்டால் ஸ்கேன் அளவு எதுவாயினும் திசு எடுத்தே ஆக வேண்டும். சில மாதங்களில் அவருக்கு மறுபடி கண்டது. சொன்னபடியே மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். சிறு கமெரா வழியாகக் கருப்பைக்குள் பார்த்தபோது மேற்சுவரில் ஒரு சதை வளர்ச்சி தெரிந்தது. அதை அகற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது தீங்கற்றது என்றே அறிக்கை வந்தது.